வாடகை வாங்கிக்கொண்டு வேலை வாங்காதீர்கள்

சலூன் நாற்காலியை ஒரு ஸ்டைலிஸ்டுக்கு வாடகைக்கு விட்டு, அவர் அங்கே தனித் தொழில் செய்வதாகச் சொல்லும் அதே ஒப்பந்தம் மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது. மேலே தடித்த எழுத்தில் "நாற்காலி வாடகை ஒப்பந்தம்". உள்ளே போனால், ஸ்டைலிஸ்ட் காலை 10 மணிக்கு வந்துவிட வேண்டும், கடைச் சீருடை போட வேண்டும், கடை விலைப் பட்டியல்படிதான் கட்டணம், பணம் கடைக் கல்லாவுக்கு. மாதக் கடைசியில் வசூலில் 40 சதவீதம் அவருக்கு. விடுப்பு வேண்டுமானால் 3 நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும். இதில் வாடகை எங்கே இருக்கிறது? விடுப்புச் சம்பளம் தராமல் ஒரு ஊழியரை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்பதுதான் எல்லா சலூன் உரிமையாளரும் சொல்லும் பதில். தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். தகராறு என்று வந்தால், பெரும்பாலான நாடுகளில் தலைப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. கடையில் தினமும் நடப்பதைத்தான் பார்ப்பார்கள். விலையை யார் வைக்கிறார்கள்? பணம் முதலில் யார் கைக்குப் போகிறது? வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல ஸ்டைலிஸ்டுக்கு உரிமை உண்டா? கலரும் அதோடு கலக்கும் டெவலப்பரும் யார் காசில்? எல்லாவற்றுக்கும் பதில் "கடை" என்றால், பத்துப் பக்க ஒப்பந்தமும் உதவாது. கொடுக்காமல் விட்ட விடுப்புச் சம்பளமும் கட்டாமல் விட்ட தொகைகளும் பழைய தேதியிலிருந்து கணக்குப் போட்டு வரும்.

சரி, உண்மையான வாடகை லாபமா? ஒரு நாற்காலியின் சராசரி மாத வசூலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஊழியருக்குச் சம்பளமும் அது சார்ந்த செலவுகளும் 48. கலர், ஷாம்பு போன்ற பொருட்செலவு வசூலில் 12 சதவீதம். கடைக்கு மிஞ்சுவது 40. அதே நாற்காலியை 30க்கு வாடகைக்கு விட்டால் 10 குறைவு. ஆனால் வசூல் 60க்கு இறங்கும் மாதத்தில் பொருட்செலவு 7 ஆகும், சம்பளம் 48 அப்படியே நிற்கும், மிச்சம் 5தான். வாடகை அப்போதும் 30. வசூல் 140 ஆனால் ஊழியர் மூலம் கிடைப்பது 75, வாடகை அதே 30. இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் சுமார் 89. ஒரு வருட வசூலை மாதம் மாதமாக எழுதிப் பார்த்தால், உங்கள் நாற்காலி அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும்.

வாடகையை நிர்ணயிக்கும்போது இன்னொரு தப்பு. கட்டிட வாடகை, மின்சாரம், தண்ணீர், டவல் சலவை எல்லாம் சேர்த்து 120, நாற்காலி 6 என்றால் ஆளுக்கு 20 என்று வகுத்துவிடுகிறார்கள். ஆறும் எப்போதும் நிரம்பி இருக்காது. இரண்டு காலியானால் மீதி நான்கும் ஆளுக்கு 30 சுமக்க வேண்டும். 4ஆல் வகுத்துத்தான் வாடகை சொல்லுங்கள்.

பொறுப்பு விஷயத்தில் ஒரு சாதாரண நிகழ்வு போதும். ஹேர் கலர் போட்டவருக்கு உச்சந்தலை வீங்கிக் கொப்பளிக்கிறது. ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க 48 மணி நேரம் முன்பு செய்திருக்க வேண்டிய பேட்ச் டெஸ்ட் செய்யவில்லை. "அவர் தனித் தொழில் செய்பவர், எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார் உரிமையாளர். வாடிக்கையாளரோ கடையின் எண்ணில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறார், கடைப் பெயரில் ரசீது வைத்திருக்கிறார். அவர் யாரைத் தேடி வருவார்? ஸ்டைலிஸ்டிடம் சொந்தக் காப்பீடு இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். (காப்பீட்டுச் சான்றின் காலாவதித் தேதியை யாருமே பார்ப்பதில்லை, ஏனோ.) வழுக்கும் தரை, பழுதான வயர், வெந்நீர் இவை எந்த முறையிலும் கடைக்காரர் பொறுப்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

உண்மையாகவே வாடகைக்கு விடுவதென்றால் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். அவர் விலை அவருடையது. அவர் ரசீது, அவர் கார்டு மெஷின், அவர் அப்பாயின்ட்மென்ட் புத்தகம், அவர் கலர். வாடகை வசூலில் சதவீதமாக இல்லாமல் நிலையான தொகையாக இருக்கட்டும். கடை திறந்திருக்கும் நேரத்தையும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் விதிகளையும் நீங்கள் வைக்கலாம். பக்கத்து நாற்காலியை விடக் குறைவாக ஏன் வாங்குகிறாய் என்று கேட்கக் கூடாது. சுத்தமும் விலையும் பேச்சும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டால், வேலைக்கே வையுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கையெழுத்துக்கு முன் இரண்டைப் பேசிவிடுங்கள்: காலி செய்ய எத்தனை வார முன்னறிவிப்பு, வாடிக்கையாளர் எண்களும் கலர் பதிவு அட்டைகளும் யாருடையவை. வாடகைதாரர் போகும்போது அவர் சேர்த்த வாடிக்கையாளர்களும் அவரோடு போவார்கள். அன்று கதவருகே நின்று சண்டை போடாதீர்கள்.