சிவப்பு மையால் வட்டமிட்ட கில்ட் ஃபண்டு

2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியை அரை சதவீதம் குறைத்த மறுவாரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் ஃபண்டு ஒன்றின் கடந்த ஓராண்டு வருமானத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "சார், ரிசர்வ் வங்கி பணத்தை அச்சடித்து விடுகிறதாமே, இப்போதே போட்டுவிடலாமா?" என்றார்.

நான் சற்று நேரம் பேசவில்லை. 2021-ல் இதே போன்ற ஃபண்டில் 15 லட்சத்தைப் போட்டு, ஓராண்டில் ஏறத்தாழ 60 ஆயிரத்தை இழந்தவர் இதே மனிதர்தான். அப்போது கணக்குத் தாளை மேசையில் வைத்து, "அரசாங்கப் பத்திரம் எப்படி சார் நஷ்டம் தரும்?" என்று கேட்டார். முதலீட்டு ஆலோசகனாக அந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதி வைத்துவிட்டால் இனி தாளை நீட்டிவிடலாம்.

2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 'ஜி-சாப்' என்ற பெயரில், மூன்று மாதங்களில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களை வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்தது. அடுத்த காலாண்டுக்கு 1.2 லட்சம் கோடி. மற்ற நாடுகளில் 'குவான்டிடேடிவ் ஈஸிங்' என்று சொல்வதன் உள்ளூர் வடிவம் அது. சந்தையில் இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் நின்றால் பத்திரத்தின் விலை ஏறும்; அதே வட்டிக்கு அதிக விலை கொடுப்பதால், வாங்குபவருக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம் இறங்கும். பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் 6 சதவீதத்தை ஒட்டியே நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம். விலை ஏறி முடிந்த பிறகுதான் கில்ட் ஃபண்டுகளின் 'கடந்த ஆண்டு வருமானம்' கண்ணைப் பறித்தது. நம் தலைமையாசிரியர் போட்டதும் அப்போதுதான்.

2021 அக்டோபர் 8 அன்று ஜி-சாப் முடித்துக்கொள்ளப்பட்டது. 2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கியது. ஜூனில் பத்தாண்டு வருவாய் 7.5 சதவீதத்தைத் தொட்டது. 2021 ஜூலையில் வெளியான, 2031-ல் முதிரும் 6.10 சதவீதப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் 10 காசு வட்டி. ஓராண்டு கழித்து, இன்னும் 9 ஆண்டுகள் மீதமிருக்க, சந்தை 7.5 சதவீதம் கேட்கிறது. புதுப் பத்திரம் 7.5 தரும்போது 6.10 தரும் பழையதை யார் 100-க்கு வாங்குவார்? கணக்குப் போட்டால் அதன் விலை சுமார் 91 ரூபாய். வட்டியைச் சேர்த்தால் 97. அரசு ஒரு பைசாகூடப் பாக்கி வைக்கவில்லை. இருந்தும் நூறு தொண்ணூற்றேழாகிவிட்டது. 2031 வரை வைத்திருந்தால் 100 ரூபாயும் முழுதாக வரும். ஆனால் பத்தாண்டுப் பத்திரங்களையே தொடர்ந்து மாற்றி மாற்றி வைத்திருக்கும் ஃபண்டுக்கு முதிர்வு நாள் என்ற ஒன்று கிடையாது.

'அச்சடித்த பணம்' என்ற பேச்சுக்கு வருவோம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியிடம் 100 கோடிக்குப் பத்திரம் வாங்கும்போது நோட்டுக்கட்டு எதுவும் லாரியில் ஏறுவதில்லை. அந்த வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் 100 கோடி வரவாகிறது, அவ்வளவுதான். அலமாரியில் பத்திரம் இருந்த இடத்தில் இப்போது இருப்புத்தொகை இருக்கிறது. வங்கி இதனால் பணக்காரராகிவிடவில்லை. அந்தத் தொகை இந்த வங்கியிலிருந்து அந்த வங்கிக்குப் போகலாம். எல்லா வங்கிகளும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு பங்குச்சந்தைக்குப் போக முடியாது. 2021-ல் அந்த உபரிப் பணத்தில் பெரும்பகுதி, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் பணத்தை வைத்து வட்டி பெறும் ரிவர்ஸ் ரெப்போ வழியாக அதனிடமே திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

பிறகு ஏன் பங்கும் நிலமும் ஏறுகின்றன? பத்திரத்தின் வருவாய் இறங்கும்போது டெபாசிட் வட்டியும் சேர்ந்து இறங்குகிறது. அப்போது பெரிய வங்கிகளில் ஐந்தாண்டு டெபாசிட்டுக்கு ஐந்தரை சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. அந்த வட்டியில் குடும்பம் நடத்தியவர் வேறு இடம் தேடிப் புறப்படுகிறார். அவர் போகும் இடத்தில் விலை ஏறுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. என் அலுவலகத்தில் அதன் பெயர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 2020 மார்ச்சில் 26 ஆயிரத்துக்குக் கீழே விழுந்த சென்செக்ஸ் 2021 ஜனவரியில் 50 ஆயிரத்தைத் தொட்டதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல. நிறுவனங்களின் லாபம் திரும்பியதும், அமெரிக்க மத்திய வங்கி தன் பங்குக்குப் பத்திரங்களை வாங்கிக் குவித்ததால் வெளிநாட்டு முதலீடு இங்கே வந்ததும் சேர்ந்தவை.

(தொழில்முறை எரிச்சல் ஒன்று: ரிசர்வ் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பு பெருத்துவிட்டது என்று வரைபடம் அனுப்புகிறவர்கள், அதில் பெரும்பகுதி டாலர் சொத்துகளும் தங்கமும் என்பதைப் பார்ப்பதில்லை. டாலர் வாங்கினாலும் அது பெருத்துவிடும். எதை வாங்கியது என்று பாருங்கள்.)

கடன் வாங்கியவர்களிடமும் இதே குழப்பம். ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்குவதால் முதலில் குறைவது அரசின் கடன் செலவு, பிறகு பத்திரம் வெளியிடும் பெரிய நிறுவனங்களுடையது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த, மாறும் வட்டி கொண்ட வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை ரெப்போவைப் பின்தொடர்பவை. பத்திர வருவாய் எங்கே போனாலும் ரெப்போ அசையாமல் உங்கள் வட்டி அசையாது. 2021-ல் 6.7 சதவீதத்தில் 40 லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 30,300 ரூபாய். 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 2.5 சதவீதம் ஏறியது. 9.2 சதவீதத்தில் 40 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 30,667. பழைய தவணை வட்டிக்கே போதாது! ஓரளவு அசலை அடைத்தவர்களுக்கும் அசல் கரைவது ஏறத்தாழ நின்றுபோனது. தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களின் கடன் காலம் சத்தமில்லாமல் ஓய்வு வயதுவரை நீண்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் வங்கி அனுப்பிய அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள்.

கடன் வாங்கும்போது, இன்றைய வட்டிக்கு இரண்டரை சதவீதம் கூடுதலாகப் போட்டுத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் சிறிய வீடு. ஃபண்டு வாங்கும்போது வருமானப் பக்கத்தை மூடிவிட்டு, மாதாந்திரத் தகவல் தாளில் 'மாடிஃபைடு டியூரேஷன்' என்ற எண்ணைத் தேடுங்கள். அது 7 என்றால், வருவாய் விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் உங்கள் பணம் சுமார் 7 சதவீதம் இறங்கும். மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தை அந்த ஃபண்டில் போடாதீர்கள். அறிவிப்பு வந்த அன்று ஓடி வராதீர்கள். சந்தை அதை முன்பே விலையில் ஏற்றியிருக்கும்.

தலைமையாசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அது. அடுத்த ஆண்டே தேவை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முகத்தில் திருப்தி இல்லாமல்தான் கிளம்பினார். ஆகஸ்டு கடைசியில், ரெப்போ குறைந்திருந்தும் பத்தாண்டு வருவாய் 6.5 சதவீதத்தைத் தாண்டியபோது தொலைபேசியில் அழைத்தார். "நல்லவேளை சார்" என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இப்போது விலை இறங்கியிருக்கிறதே சார், இப்போது போடலாமா?" என்றார்.