படுத்தால் கூடும் இடுப்பு வலி: டடாலாஃபில் தசைகளில் என்ன செய்கிறது?

புராஸ்டேட் வீக்கத்துக்காகத் தினமும் 5 மில்லிகிராம் டடாலாஃபில் சாப்பிட ஒருவர் தொடங்குகிறார். ஞாயிறு இரவு முதல் மாத்திரை. திங்கள் காலையில் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் இடுப்பின் இரு பக்கமும் கனத்து, வலி புட்டத்துக்கும் தொடைக்கும் பரவுகிறது. படுத்தால் குறையும் என்று பார்த்தால் கூடுகிறது.

முதுகெலும்பில் ஏதோ பிசகிவிட்டது என்று பயப்படுவதற்கு முன் இந்த மூன்று அடையாளங்களைப் பாருங்கள்: மாத்திரைக்கு 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கியது, இரு பக்கமும் பரவலாக இருப்பது, படுத்தால் கூடுவது. மருந்தால் வரும் வலி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இப்படி வலித்தவர்களைப் பரிசோதித்தபோது அழற்சியோ தசைச் சேதமோ சிறுநீரகப் பாதிப்போ தென்படவில்லை.

ரத்தக்குழாய்களை இறுக்கமாக வைத்திருக்க உதவும் பி.டி.இ.5 என்ற நொதியை இந்த மருந்து தடுக்கிறது; குழாய்கள் தளர்கின்றன. கூடவே எலும்புத் தசைகளிலும் இருக்கும் பி.டி.இ.11 என்ற நொதியையும் ஓரளவு தொடுகிறது. இதே வகை மருந்தான சில்டனாஃபில் அதை அநேகமாகத் தொடுவதே இல்லை; அதில் இந்த வலியும் குறைவு. அதனால்தான் ஆய்வாளர்களின் சந்தேகம் பி.டி.இ.11 மீது விழுந்தது. விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கித் தசை கனக்கிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டுமே இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஒரே ஒரு மாத்திரையால் வந்த வலி பொதுவாக 48 மணி நேரத்தில் அடங்கிவிடும். தினமும் சாப்பிடும்போது அந்த இடைவெளி கிடைப்பதில்லை. உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய பதினேழரை மணி நேரம் ஆகிறது. கடைசி மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்தும் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கும். ஆகவே ஒரு வேளையைத் தவிர்த்துவிட்டு, "வலி போகவில்லை, மருந்து காரணமில்லை" என்று முடிவுகட்டுவது தவறு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று, நான்கு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். வலி போய், மீண்டும் தொடங்கியதும் திரும்பினால் காரணம் தெளிவு. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காக இதைச் சாப்பிடுபவர்கள் மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது.

வலி லேசாக இருந்தால் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். இபுப்ரோஃபென் போன்றவையும் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். விறைப்புக் குறைபாட்டுக்குச் சாப்பிடுபவருக்கு அளவை 2.5 மில்லிகிராமாகக் குறைக்க வழியுண்டு. புராஸ்டேட்டுக்கு என்றால் டாம்சுலோசின் போன்ற வேறு மருந்துக்கு மாறுவது பற்றிப் பேசலாம். புதிதாகக் கிளாரித்ரோமைசினோ கீட்டோகொனசோலோ சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை டடாலாஃபிலை உடலில் தேங்க வைக்கும்.

ஒரே காலில் முழங்காலுக்குக் கீழே சுரீரென இறங்கும் வலி, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குக் கறுத்த சிறுநீர் ஆகியவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி என்று போனால், டடாலாஃபில் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு, நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குச் சரித்துவிடும்.