அனுப்பிய படத்தை நீக்கினால் எது அழிகிறது?

அடுக்ககத்தில் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில், மகனுக்கு அனுப்ப நினைத்த ஆதார் அட்டையின் படத்தை ஒருவர் இரவு 9.40 மணிக்குத் தவறுதலாகப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு அதைக் கவனித்து, படத்தை அழுத்திப் பிடித்து, `Delete for everyone` என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். படம் இருந்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி தோன்றுகிறது. அந்த வரி உண்மைதான், ஆனால் நீக்கப்பட்டது செய்தி என்று மட்டுமே அது சொல்கிறது. படம் என்ன ஆனது என்பதை அறிய, இரவு 9.40-க்கு அந்தப் படத்துக்கு எத்தனை பிரதிகள் உருவாயின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் வாட்ஸ்அப் மூலப்படத்தை அப்படியே எடுத்துச் செல்வதில்லை. அளவு குறைக்கப்பட்ட ஒரு பிரதியைத் தயாரித்து, அந்த ஒரு படத்துக்கென்றே சீரற்ற முறையில் ஒரு திறவுகோலை உருவாக்கி, அதைக் கொண்டு படத்தைக் குறியாக்கம் செய்து, வெறும் இரைச்சலாகத் தெரியும் அந்தக் கோப்பை நிறுவனத்தின் சர்வரில் ஏற்றுகிறது. குழுவில் அறுபது பேர் இருந்தாலும் இந்தப் பதிவேற்றம் ஒரு முறைதான் நடக்கிறது. குழுவுக்குப் போகும் செய்தியில் முழுப் படம் இருப்பதில்லை. சர்வரில் கோப்பு இருக்கும் முகவரி, அதைத் திறக்கும் திறவுகோல், கோப்பு வழியில் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்கள், பதிவிறக்கம் முடியும்வரை மங்கலாகக் காட்டுவதற்கான மிகச் சிறிய முன்தோற்றப் படம் ஆகியவைதான் அதில் செல்கின்றன. படங்களைத் தானாகப் பதிவிறக்கும் அமைப்பு பெரும்பாலான கைப்பேசிகளில் இயல்பாகவே இயங்குவதால், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் சில நொடிகளில் கோப்பை இறக்கி, திறவுகோலால் திறந்து, சாதாரணப் படமாகத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது.

இவ்வாறு சர்வரில் பூட்டிய நிலையில் ஒரு பிரதியும், கைப்பேசிகளில் திறந்த நிலையில் பல பிரதிகளும், ஒவ்வொரு கைப்பேசியின் உரையாடல் தரவுத்தளத்துக்குள் ஒரு குட்டிப் பிரதியும் உருவாகிவிடுகின்றன. பலர் கவலைப்படுவது சர்வரில் உள்ள பிரதியைப் பற்றித்தான், ஆனால் இவற்றுள் தீங்கு குறைந்தது அதுவே என்பேன். திறவுகோல் உறுப்பினர்களின் கைப்பேசிகளில் மட்டுமே இருப்பதால், அதைச் சர்வரில் வைத்திருப்பவராலும் படமாகப் பார்க்க இயலாது.

காலை ஏழு மணிக்கு அழுத்திய பொத்தான் செய்வது இன்னொரு செய்தியை அனுப்புவதுதான். ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. நீக்கும் பொத்தான், 'இந்த எண்ணுடைய செய்தியைத் திரும்பப் பெறுகிறேன்' என்று சொல்லும், திரையில் தெரியாத ஒரு செய்தியைக் குழுவுக்கு அனுப்புகிறது. அதைப் பெறும் செயலி தன் தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, உள்ளடக்கத்தை நீக்கி, தான் சேமித்த படக்கோப்பையும் அழிக்க முயல்கிறது. முயல்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்முனையில் நீக்கம் நிறைவேறாமல் போனால் அனுப்பியவருக்கு அறிவிப்பு எதுவும் வராது என்று வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கமே தெரிவிக்கிறது. தன் திரையில் தெரியும் வரியைக் கொண்டு மற்றவர்களின் கைப்பேசியில் நடந்ததை முடிவுசெய்ய இயலாது. 2017-இல் இந்த வசதி வந்தபோது அதற்குத் தரப்பட்ட அவகாசம் ஏழு நிமிடம். 2022 ஆகஸ்டில் அது இரண்டு நாளுக்குச் சற்று மேலாக நீட்டிக்கப்பட்டதால்தான் நம் உதாரணத்தில் காலையிலும் அந்தத் தேர்வு கிடைக்கிறது. நீண்ட அவகாசம் வசதியானதுதான், ஆனால் அந்த நேரம் முழுவதும் பிரதிகளும் பெருகிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பெருகும் வழிகளில் முதலாவது, படத்தை இன்னொருவருக்கு அனுப்பிவிடுவது. குழுவில் ஒருவர் இரவு பத்து மணிக்கு அந்தப் படத்தைத் தன் மனைவிக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், மீண்டும் முழுப் படத்தையும் பதிவேற்ற வேண்டிய தேவைகூட இல்லை. பூட்டிய கோப்பு ஏற்கெனவே சர்வரில் இருப்பதால் அதன் முகவரியையும் திறவுகோலையும் புதிய செய்தியில் வைத்து அனுப்பினால் போதும். ஃபார்வர்டு செய்யப்படும் படங்களைப் பூட்டிய நிலையில் சில காலம் வைத்திருப்பதாக நிறுவனமும் கூறுகிறது. கவனிக்க வேண்டியது, புதிய செய்திக்கு அடையாள எண்ணும் புதிது என்பதே. காலையில் குழுவுக்குப் போன நீக்கக் கோரிக்கை பழைய எண்ணை மட்டுமே தேடும். மனைவியின் கைப்பேசிக்கு அந்தக் கோரிக்கை போவதே இல்லை, போனாலும் அதற்கு ஒத்த எண் அங்கே இராது.

இரண்டாவது வழி செயலியின் எல்லையைத் தாண்டிய பிரதி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படங்கள் கீழ்க்கண்ட கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

கேலரி காட்டுவதும் இதே கோப்பைத்தான் என்பதால், செயலி இதை அழித்தால் கேலரியிலிருந்தும் படம் மறையும். ஐபோனில் நிலைமை வேறு. வரும் படங்களை போட்டோஸில் சேமிக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், செயலியின் கோப்பிலிருந்து தனியான ஒரு பிரதி அங்கே உருவாகிறது. பிறகு வரும் நீக்கக் கோரிக்கை அந்தப் பிரதியைத் தொடுவதில்லை. இதையும் வாட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. ஆண்ட்ராய்டுக்காரரும் தப்பிவிடுவதில்லை. `WhatsApp Images` கோப்புறையை கூகுள் போட்டோஸ் காப்புப் பிரதி எடுக்கும்படி அமைத்திருந்தால், இரவில் வைஃபையில் படம் மேகக்கணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். காலையில் கைப்பேசியிலிருந்து கோப்பு போனாலும் மேகக்கணியில் உள்ளது அங்கேயே நிற்கும்.

செயலி தன் கோப்பையே அழிக்க மறந்த நிகழ்வும் உண்டு. 2019-இல் தீரஜ் மிஸ்ரா என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஆண்ட்ராய்டு டெலிகிராமில் அனுப்பியவர் இரு பக்கமும் நீக்கும்படி சொன்ன பிறகு, உரையாடலிலிருந்து படம் மறைந்தாலும் பெற்றவரின் கைப்பேசியில் `Telegram Images` கோப்புறைக்குள் கோப்பு அப்படியே இருப்பதைக் கண்டறிந்தார். செய்தியை நீக்கும் வேலையும் கோப்பை நீக்கும் வேலையும் நிரலில் தனித்தனியானவை. முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. மென்பொருள் பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் CVE-2019-16248 என்ற எண்ணில் அது பதிவாகி, 5.11 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. உங்கள் சொந்தக் கைப்பேசியில் இத்தகைய எச்சம் இருக்கிறதா என்று கோப்பு மேலாளரைத் திறந்து எளிதில் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியவை `WhatsApp Images` கோப்புறைக்குள் `Sent` என்ற உள்கோப்புறையில் இருக்கும். இன்னொருவரின் கைப்பேசியில் அப்படிப் பார்க்க வழியில்லை.

இனி, எல்லாம் முறைப்படி நடந்து செயலி கோப்பையும் பதிவையும் அழித்துவிட்ட கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அழித்தல் என்ற சொல் இங்கே இரண்டு வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது, அவற்றின் விளைவுகளும் வேறுபடுகின்றன. படக்கோப்பு அழிக்கப்படும்போது நினைவகத்தில் உள்ள தரவு உடனே துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் காலி என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. பழைய மெமரி கார்டுகளிலிருந்து அழித்த படங்களை மீட்டெடுக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் வெளிவந்த கைப்பேசிகள் பலவற்றில், உள்நினைவகத்தின் ஒவ்வொரு கோப்பும் தனித்தனித் திறவுகோலால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் திறவுகோலைக் கணக்கிடத் தேவையான ஒரு சீரற்ற எண் கோப்பின் விவரக் குறிப்புடன் சேர்ந்தே இருக்கும். கோப்பை அழித்தால் அந்தக் குறிப்பும் போகிறது. குறிப்பு மேலெழுதப்பட்டுவிட்டால், மீதமுள்ள தரவைத் தோண்டி எடுத்தாலும் அது பொருளற்ற எண்களாகவே இருக்கும். ஐபோனிலும் கோப்புக்கொரு திறவுகோல் என்ற இதே முறைதான்.

உரையாடல் பதிவு அப்படி அன்று. வாட்ஸ்அப் தன் செய்திகளை எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தில், உரையாடல் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும்படி வைத்திருக்கிறது. அதில் ஒரு செய்தியை நீக்குவது, கணக்குப் பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இனி வேறு எழுதலாம் என்று ஓரத்தில் குறித்துவைப்பது போன்றது. புதிய செய்தி வந்து அந்த இடத்தை நிரப்பும்வரை பழைய வரியின் எழுத்துகள் அங்கேயே இருக்கக்கூடும். 2016-இல் தடயவியல் ஆய்வாளர் ஜொனாதன் ஸ்டியார்ஸ்கி, ஐபோன் வாட்ஸ்அப்பில் அழித்த உரையாடல்களின் எச்சம் தரவுத்தளத்தில் தங்குவதைக் காட்டினார். இது சதி அன்று, எஸ்க்யூலைட்டின் இயல்பு. நீக்கிய இடத்தைச் சுழியங்களால் நிரப்பும் `secure_delete` என்ற அமைப்பு அதில் உண்டு, ஆனால் அதைச் செயலியை உருவாக்குபவர் இயக்கியிருக்க வேண்டும்.

ஆகவே முழுப் படத்தைக் காட்டிலும் அதன் சிறு முன்தோற்றம் அதிக நாள் தங்கக்கூடும் என்ற விநோதம் நேர்கிறது. படக்கோப்பு தன் திறவுகோலுடன் போய்விடுகிறது. தரவுத்தளக் கோப்போ அழியாமல் பயன்பாட்டிலேயே இருப்பதால், அதற்குள் இருக்கும் எச்சமும் கைப்பேசி திறந்திருக்கும்போது படிக்கத்தக்கதாகவே இருக்கிறது. அந்தக் கோப்பு செயலியின் தனி இடத்தில் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்துப் பார்த்துவிட முடியாது. கைப்பேசியைக் கைப்பற்றித் தடயவியல் கருவியுடன் இணைப்பவருக்கு அது எட்டலாம். முன்தோற்றத்தில் ஆதார் எண்ணைப் படிக்கும் அளவுக்குத் தெளிவு இராது. என்ன படம் என்று மட்டும் தெரியும்.

கடைசியாக, படம் குழுவில் கிடந்த அந்த இரவைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி ஒன்றைக் கைப்பேசியிலேயே எடுத்துவைக்கிறது. இரவு 9.40-க்கு வந்து காலை ஏழுக்கு நீக்கப்பட்ட நம் ஆதார் படத்தின் பதிவும் முன்தோற்றமும், அந்தக் குழுவில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அன்றைய காப்புப் பிரதிக்குள் போயிருக்கும். காலையில் வரும் நீக்கக் கோரிக்கை நடப்புத் தரவுத்தளத்தை மாற்றுமே தவிர, மூடி வைத்த காப்புப் பிரதியைத் திறந்து திருத்தாது. இரவு பன்னிரண்டு மணிக்கே நீக்கியிருந்தால் இந்தப் பிரதிக்கு இடமே இருந்திராது. இந்தக் காப்புப் பிரதிகளில் ஏறத்தாழ ஏழு நாளுக்குரியவை மட்டுமே வைக்கப்படுவதால், ஒரு வாரத்தில் அது தானாகவே வெளியேறும். கூகுள் போட்டோஸில் ஏறிய பிரதிக்கு அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை. அதன் உரிமையாளர் பார்த்துக் கையால் நீக்க வேண்டும், நீக்கிய பின்னும் அது குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவரே அதையும் காலி செய்தால் ஒழிய.