ஓட்டப் பயிற்சியும் நின்றுபோன மாதவிடாயும்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கடற்கரையில் போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகும் பெண்கள், நான் பிசியோதெரபிஸ்ட் என்று தெரிந்ததும் என்னிடம் முதலில் கேட்பது, "பீரியட்ஸ் நேரத்துல ஓடலாமா மேடம்?" தாராளமாக ஓடலாம். முதல் இரண்டு நாள் வலியோ உதிரப்போக்கோ அதிகமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். அந்த நாள்களில் திறன் குறைந்தாலும் சராசரியில் அது மிகச் சிறிய அளவுதான், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். கருமுட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் சிலருக்கு அது சீக்கிரமே களைப்பாகத் தெரியும். அந்த நாள்களில் வெயில் ஏறுமுன் ஓடி முடிப்பது நல்லது. மாதவிடாய்ச் சுழற்சியின் இன்ன நாளில் ஓடினால் முட்டி ஜவ்வு கிழியும் என்று சிலர் சொல்வதுண்டு; அப்படித் தேதி குறித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எப்பம்மா வந்துச்சு?"

கால் வலி என்று வந்த 19 வயதுப் பெண்ணிடம் கேட்டபோது, "நாலு மாசமா வரல மேடம். ஒரு விதத்துல நிம்மதிதான்" என்றாள். விடியலில் வரக்காப்பி குடித்துவிட்டு மணலில் ஓட்டம், மாலையில் மறுபடியும் ஓட்டம். எடை குறைந்தால் வேகம் வரும் என்று யாரோ சொல்ல, இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டாள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லாதபோது, உடல் இனப்பெருக்க வேலையை நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவு குறைய, எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறையும். தினமும் ஓட்டத்தில் உண்டாகும் நுண்ணிய சேதத்தை எலும்பு சரிசெய்ய முடியாமல் பின்தங்கும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் நீளமாகப் பரவி வலித்தால், அது பெரும்பாலும் தசை எலும்போடு ஒட்டும் இடத்தில் வரும் அழற்சி. இவளுக்கோ ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுள்ளென்றது, ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னால் முடியவில்லை, ராத்திரியும் வலித்தது. எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு இவை அடையாளம். முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லி மறுபடி ஓட விட்டால் விரிசல் முறிவாகிவிடலாம். எம்.ஆர்.ஐ.யில்தான் உறுதியானது.

ஓட்டத்தை நிறுத்தி, மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். கர்ப்பம், தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி இதையெல்லாம் பார்த்துத்தான் உணவுப் பற்றாக்குறை என்ற முடிவுக்கு வர வேண்டும். ஹார்மோன் மாத்திரை போட்டு வரும் உதிரப்போக்கைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், எலும்பு அதனால் தேறிவிடாது.

அவள் அம்மாவிடம் நான் சொன்னது: ஓடும் முன் வாழைப்பழம், முடித்து ஒரு மணி நேரத்துக்குள் முட்டையோடு இட்லி, நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடட்டும், ராத்திரி முழுச் சோறு. பல வாரம் கழித்து, வலியில்லாமல் நடக்கவும் குதிக்கவும் முடிந்த பிறகே மெல்லோட்டம், அதுவும் சாய்ந்த ஈரமணலில் வேண்டாம், சமதரையில். தொடர்ந்து 3 மாதம் வராவிட்டால், கால் வலிக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.