9.8-ஆ, 13-ஆ?

டர்பனில் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. முடிவுகள் அத்தியாயத்தில் தவறு வருவது குறைவு. அங்கே கணினி காவல் நிற்கிறது. அடுத்த அத்தியாயமான கலந்துரையாடலில் யாரும் காவல் இல்லை.

சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் வரைவைக் கொண்டுவந்தாள். கோவில் மண்டப முகாம்களுக்கு வந்த, 30 வயதுக்கு மேற்பட்ட 400 பேருக்கு, இரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை செய்ததில் 76 பேருக்கு நீரிழிவு, அதாவது 19 விழுக்காடு. (அவளை அடையாளம் காட்டாதபடி எண்களை மாற்றியிருக்கிறேன்.) கலந்துரையாடலில் அவள் எழுதியிருந்தது: “1994-இல் ஓமார் குழுவினர் தென்னாப்பிரிக்க இந்தியரிடையே 9.8 விழுக்காடு கண்டனர். இப்போது நோய் இரு மடங்காகிவிட்டது.”

“அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தாயா?” என்றேன்.

“இல்லை அண்ணா, வேறொரு கட்டுரையில் மேற்கோளாக இருந்தது.”

திறந்தோம். சுருக்கத்திலேயே இரண்டு எண்கள் இருந்தன. 9.8 என்பது கச்சா விகிதம், அதாவது நோயாளிகளின் எண்ணிக்கையைப் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையால் அப்படியே வகுத்தது. வயதும் பாலும் சரிக்கட்டிய விகிதம் 13.0. ஆய்வில் பங்கேற்றவர்கள் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவளுடைய ஆய்விலோ 30 வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. நீரிழிவு வயதோடு ஏறுகிற நோய். பதினாறு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து வகுத்த விகிதத்தோடு தாத்தா பாட்டிகள் நிறைந்த மண்டபத்தை ஒப்பிட்டால், எந்த ஊரிலும் நோய் பெருகியதாகத்தான் தெரியும்.

வயதைச் சரிக்கட்டுவது பெரிய வித்தை அல்ல. அவளுடைய 400 பேரில் 30 முதல் 49 வயது வரை 120 பேர். நோயாளிகள் 12, அதாவது 10 விழுக்காடு. 50-க்கு மேல் 280 பேர். நோயாளிகள் 64, ஏறத்தாழ 23 விழுக்காடு. ஊரில் 30 வயதைக் கடந்தவர்களில் 60 விழுக்காட்டினர் முதல் பிரிவில் இருப்பதாகக் கொள்வோம். 0.6-ஐ 10-ஆலும் 0.4-ஐ 23-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 15.2. மண்டபத்துக்கு வயதானவர்கள் அதிகம் வந்ததால் ஏறியிருந்த எண் இறங்கிவிட்டது. ஓமார் குழுவினரின் எண்ணோ சரிக்கட்டியபின் 9.8-இலிருந்து மேலே போனது. இரண்டும் எதிர்த் திசைகளில் நகர, “இரு மடங்கு” கரைந்துபோனது.

ஆனாலும் 15-ஐயும் 13-ஐயும் நேராகப் பக்கத்தில் வைக்க முடியாது. வயது வரம்பு இன்னும் வேறுதான். பழைய கட்டுரையில் வயதுவாரி அட்டவணை இருந்தால், 30-க்கு மேற்பட்ட வரிசைகளை மட்டும் எடுத்து, இரு ஆய்வுகளுக்கும் ஒரே மக்கள்தொகையை அளவுகோலாக வைத்துக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் ஒப்பீட்டின் எல்லையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அளவீடு. அன்று குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். அக்கால உலக சுகாதார நிறுவன வரையறையில் வெறும் வயிற்று வரம்பு லிட்டருக்கு 7.8 மில்லிமோல், 1999-இல்தான் அது 7.0 ஆனது. ஹெச்பிஏ1சி முற்றிலும் வேறு சோதனை. இது நோயாளி என்று காட்டும் சிலரை அது காட்டாது. அது காட்டும் சிலரை இது விட்டுவிடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகைகூட இந்த எண்ணை உயர்த்தும். முகாமுக்கு வருகிறவர்களில் ஏற்கெனவே சந்தேகத்தோடு இருப்பவர்கள் அதிகம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு வரியில் “மொரீஷியஸ் தமிழரிடையே” என்று 1987 ஆய்வைக் காட்டியிருந்தாள். அந்த ஆய்வு பிரித்துச் சொன்னது இந்துக்கள், முஸ்லிம்கள், கிரியோல், சீனர் என்ற நான்கு பிரிவுகளை. தமிழர் தனியாக இல்லை. நம் மக்கள் என்ற ஆசையில் கை தானாக எழுதிவிடுகிறது, எனக்கும் நடந்திருக்கிறது. அந்த வரியை அடித்தோம்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான். திருத்திய பத்தியின் சாரம் இது: “முகாமுக்கு வந்தோரில் 19 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது (95 விழுக்காடு நம்பக இடைவெளி 15 முதல் 23). ஓமார் குழுவினர் (1994) 15 வயதுக்கு மேற்பட்ட தென்னாப்பிரிக்க இந்தியரிடையே கச்சாவாக 9.8, சரிக்கட்டியபின் 13.0 விழுக்காடு கண்டனர். நமது எண் உயர்ந்திருப்பதற்கு வயது வரம்பும், சோதனை முறையும், தாமாக வந்தோரையே சோதித்ததும் காரணமாக இருக்கலாம். நோய் உண்மையிலேயே பெருகியதா என்பதை இந்த ஒப்பீட்டைக் கொண்டு பிரித்தறிய இயலாது.”

“இரு மடங்கு என்று இருந்தபோது கம்பீரமாக இருந்தது அண்ணா” என்றாள். வழிகாட்டிப் பேராசிரியர் பத்தி நீளம் என்று குறிப்பு எழுதி அனுப்பினார். ஒரு சொல்லும் குறைக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னேன்.