டெப்ட் ஃபண்ட் வாங்கும் முன் ஒன்பது கட்டத்தைப் பாருங்கள்

எஃப்டி முதிர்ந்து பணம் கணக்கில் விழுந்த வாரமே வங்கியிலிருந்து போன் வரும். "கவர்மென்ட் பாண்ட் ஃபண்டு சார், ரிஸ்க்கே கிடையாது." ஓய்வு பெற்றவர்கள் இதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சில மாதம் கழித்துப் போட்டதைவிடக் குறைவான தொகையைப் பார்த்துத் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அரசு கடனைத் திருப்பித் தந்துவிடும், அது சரி. ஆனால் அந்தக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் உங்கள் டெப்ட் ஃபண்டின் மதிப்பு இறங்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஏன் இறங்குகிறது? சந்தையில் வட்டி ஏறினால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்துக்கு விலை குறையும். எவ்வளவு குறையும் என்பதை 'மாடிஃபைடு டியூரேஷன்' என்ற எண் ஏறக்குறையச் சொல்லிவிடும். ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் அது இருக்கும். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 6 லட்சத்தை, டியூரேஷன் 10 உள்ள, அரசுப் பத்திரங்களில் போடும் நீண்டகால கில்ட் ஃபண்டில் போடுகிறார் என்று வையுங்கள். வட்டி 1 சதவீதம் ஏறினால் சுமார் 60,000 ரூபாய் இறங்கும். ஆண்டுக்கு 7 சதவீதம், அதாவது 42,000 வட்டி சேர்ந்தாலும், வருடக் கடைசியில் கையில் 18,000 குறைவு. இதே பணம் டியூரேஷன் 1 உள்ள ஃபண்டில் இருந்திருந்தால் இறக்கம் 6,000தான், அதையும் சேர்ந்த வட்டி ஈடுகட்டியிருக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. ஆகவே 1 சதவீத ஏற்றம் என்பது கற்பனைக் கணக்கு இல்லை.

அப்படியானால் குறுகிய காலம் என்று பெயர் போட்ட ஃபண்டு பத்திரமா? அதுவும் இல்லை. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு டெப்ட் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. அதில் 'அல்ட்ரா ஷார்ட்' என்று பெயர் கொண்டதும் ஒன்று. காலம் குறுகியதுதான். ஆனால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் ரேட்டிங் குறைந்த நிறுவனங்களின் பத்திரங்கள், நெருக்கடியில் வாங்க ஆளில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த பணம் பிறகு தவணை தவணையாகத்தான் திரும்பியது. AA என்றால் நல்ல மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். AA-யும் அதற்குக் கீழும் உள்ள பத்திரங்களில் 65 சதவீதமாவது போட வேண்டும் என்பதுதான் 'கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு' என்ற வகைக்கே செபி வைத்த விதி.

இதற்குப் பிறகு, 2021 டிசம்பர் முதல், ஒவ்வொரு டெப்ட் ஃபண்டும் ஒன்பது கட்டம் கொண்ட ஒரு பெட்டியில் தன் இடத்தைக் காட்டியாக வேண்டும். விண்ணப்பத்திலும் இருக்கும், ஃபேக்ட்ஷீட்டிலும் இருக்கும். எழுத்து கடன் தரத்தைச் சொல்கிறது: A உயர்ந்தது, C தாழ்ந்தது. ரோமன் எண் காலத்தைச் சொல்கிறது: I என்றால் டியூரேஷன் ஒரு வருடத்தைத் தாண்டாது, II என்றால் மூன்று வருடம், III என்றால் எல்லையே இல்லை. நம் கல்யாணப் பணம் போன கில்ட் ஃபண்டு A-III. விற்றவர் A-வைச் சொன்னார், III-ஐ விழுங்கிவிட்டார்.

பணம் எப்போது வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒன்றரை வருடத்தில் வேண்டுமென்றால் A-I போதும். நீண்டகால ஃபண்டு, எட்டுப் பத்து வருடம் தொடாமல் இருக்கக்கூடிய பணத்துக்கு மட்டும். "மூணு வருஷம் வச்சா டாக்ஸ் கம்மி" என்று இன்னமும் சொல்கிறார்கள். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய டெப்ட் ஃபண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு காலம் வைத்தாலும் லாபம் உங்கள் வருமான வரி விகிதத்திலேயே சேரும்.

அடுத்து, அந்த விண்ணப்பம். அதில் EUIN என்று ஒரு பெட்டி உண்டு, விற்கும் ஊழியரின் எண் அதில் வர வேண்டும். அதைக் காலியாக விட்டு, "ஊழியரின் ஆலோசனை இல்லாமல் நானே வாங்குகிறேன்" என்ற உறுதிமொழியின் கீழ் உங்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நாளைக்குப் புகார் செய்தால் முதலில் நீட்டப்படுவது அந்தக் கையெழுத்துதான். எண்ணை எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபண்டு தன் கட்டத்தின் வரம்பைத் தாண்டி அதிக ரிஸ்க்குக்கு மாறினால் அது அடிப்படை மாற்றம். உங்களுக்குத் தெரிவித்து, எக்ஸிட் லோடு என்ற வெளியேறும் கட்டணம் இல்லாமல் வெளியேற 30 நாளாவது தர வேண்டும். பதிவில் பழைய மின்னஞ்சல் இருந்தால் அந்த அறிவிப்பு உங்களுக்கு வந்து சேராது. இன்றே மாற்றுங்கள்.

புகார் என்று போனால் வங்கி ஃபண்டு நிறுவனத்தைக் காட்டும், அவர்கள் வங்கியைக் காட்டுவார்கள். வாய்வார்த்தையில் அலையாதீர்கள். முதலில் ஃபண்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் scores.sebi.gov.in தளத்தில் பதியுங்கள். 21 நாளில் பதில் தரவேண்டும். சந்தையில் இறங்கியதற்கு நஷ்டஈடு கேட்டால் அங்கே நிற்காது. "ரிஸ்க்கே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள், அது நிற்கும்.