அழகர் இறங்கியது ஏப்ரலிலா, மேயிலா?

மதுரையில் புதுமண்டபம் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலில் 12 லட்சத்துக்கு விற்றது. 2025 ஏப்ரலில் 8.4 லட்சம்தான். முதலாளிக்கு வயிற்றைக் கலக்குகிறது. அடுத்த மாதமே 7 லட்சமாக இருந்த மே விற்பனை 10.5 லட்சமாகிவிடுகிறது. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழகர்தான் மாதம் மாறி இறங்கியிருக்கிறார்.

அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. 12 பௌர்ணமிகள் சுற்றிவர 354 நாள்தான் ஆகும் என்பதால் திருவிழா ஆண்டுக்கு 11 நாள் போல முன்னால் வரும். ஆனால் சித்திரை பிறக்கும் முன்பு போய்விட முடியாதே! அப்போது அடுத்த பௌர்ணமிக்குத் தாவிவிடும். 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12.

அதனால் தேதியை விட்டுவிட்டு அழகர் இறங்கும் நாளிலிருந்து எண்ண வேண்டும். முந்தைய 14 நாள், அந்த நாள், பிந்தைய 6 நாள், ஆக 21. ஏழின் மடங்காக எடுத்தால் இரண்டு ஆண்டுக்கும் மூன்று ஞாயிறு வந்துவிடும். 2024-க்கு ஏப்ரல் 9 முதல் 29 வரை, 2025-க்கு ஏப்ரல் 28 முதல் மே 18 வரை. நம் கடைக்கு இது 9.5 லட்சமும் 9 லட்சமும். இரண்டு மாதத்தில் மீதமுள்ள 40 நாளுக்கு 9.5-ம் 9.9-ம். திருவிழா வியாபாரம் சரிந்து, சாதா நாள் வியாபாரம் ஏறியதுபோலத் தெரிகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுவது. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு சூரியக் கணக்கு, அது நகராது. 2024-ல் அது திருவிழாவின் 21 நாளுக்குள் மாட்டிக்கொண்டது, 2025-ல் வெளியே தனியாக நின்றது. தனியாக நின்ற ஆண்டில்தான் அதன் அளவு சுத்தமாகத் தெரியும். முன்பின் வாரங்களைவிட அந்தச் சில நாளில் 60 ஆயிரம் கூடுதல் என்றால், அதே தொகையை 2024-ன் திருவிழாக் கணக்கிலிருந்தும் 2025-ன் சாதா நாள் கணக்கிலிருந்தும் கழிக்கலாம். இப்போது திருவிழா 8.9-க்கு 9, கிட்டத்தட்ட சமம். சாதா நாள்கள் 9.5-க்கு 9.3. லேசாக இறங்கியிருப்பது இதுதான், முதலில் தெரிந்ததற்கு நேர் எதிர்! இரண்டு புத்தாண்டும் ஒரே மாதிரி விற்றன என்பது நம் ஊகம் என்பதையும் மறக்கக்கூடாது.

கழிக்கவே முடியாததும் உண்டு. 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள், அழகர் இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு. அதுவரை ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும் காலம். வெளியூரிலிருந்து மொத்தமாக எடுக்க வருகிறவர்கள் எத்தனை பேர் அதனால் தள்ளிப் போட்டார்கள் என்று பில் புத்தகம் சொல்லாது. அன்றாடக் கணக்கில் தேதிக்குப் பக்கத்திலேயே ‘அழகருக்கு 4 நாள் முன், ஓட்டு நாள், கடை பாதி’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது அந்த நாளை ஒதுக்கி வைக்கலாம்.